ஆறு வீடுகளின் கணக்கு ஒரே பக்கத்தில்

வாடகை வீடு வைத்திருப்பவர்களிடம் மாத வாடகை எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வார்கள். எந்த வீடு போன வருடம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, அந்த வீட்டுக்கு மட்டும் எவ்வளவு செலவானது என்று கேட்டால் யோசிப்பார்கள். இதற்கு ஒரு காரணம் வருமான வரிக் கணக்கிலேயே இருக்கிறது. வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு, மிச்சத்தில் 30 சதவீதத்தை நிலையான கழிவாகத் தருகிறது சட்டம். பெயிண்ட், பிளம்பர், மோட்டார் என்று உண்மையில் ஆன செலவு அதைவிடக் கூடுதலா குறைவா என்று வரித்துறை கேட்பதில்லை. வேறு யாரும் கேட்காததால் உரிமையாளரும் அந்த ரசீதுகளைச் சேர்த்துவைப்பதில்லை. அதனால் நன்றாக ஓடும் வீடு எது, பணத்தை விழுங்கும் வீடு எது என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய மென்பொருள் வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் டாஷ்போர்டு போட்டுவிடலாம். அதில் இரண்டு எண்கள்தான் முக்கியம். வீடு எத்தனை சதவீத நாட்கள் நிரம்பியிருந்தது என்பது ஒன்று. அந்த வீட்டை ஓட்ட எவ்வளவு செலவானது என்பது மற்றொன்று. இரண்டையும் எதால் வகுக்கிறோம் என்பதில்தான் கணக்கு சரியாவதும் தவறாவதும் இருக்கிறது.

நாட்களை எண்ணுங்கள்

சென்னைப் புறநகரில் மூன்று தளங்களில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் G1, G2. முதல் மாடியில் F1, F2. இரண்டாம் மாடியில் S1, S2. தரைத்தள வீடுகளுக்கு மாத வாடகை 14,000 ரூபாய், முதல் மாடிக்கு 15,000, மேல் மாடிக்கு 13,000. கணக்குக் காலம் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை.

மார்ச் 31 அன்று ஆறு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். அன்றைக்குக் கேட்டால் உரிமையாளர் “எல்லாம் ஃபுல்” என்பார். அது அந்த ஒரு நாளுக்கு மட்டும் உண்மை. ஆண்டு முழுவதையும் பார்த்தால் கதை வேறு. F2-வில் இருந்தவர்கள் ஜூலை 31-ல் காலி செய்தார்கள். அடுத்தவர்கள் செப்டம்பர் 10-ல் வந்தார்கள். இடையில் 40 நாட்கள் வீடு காலி. S2-வில் ஜூன் 15-ல் ஒரு குடும்பம் போனது, செப்டம்பர் 1-ல் இன்னொரு குடும்பம் வந்தது. அவர்களும் டிசம்பர் 31-ல் காலி செய்தார்கள். பிப்ரவரி 15-ல்தான் அடுத்த ஆள் கிடைத்தது. முதல் தடவை 77 நாட்கள், இரண்டாம் தடவை 45 நாட்கள், ஆக 122 நாட்கள்.

ஆறு வீடுகள், 365 நாட்கள் என்றால் மொத்தம் 2,190 வீட்டு நாட்கள். அதில் 162 நாட்கள் காலி. மீதி 2,028-ஐ 2,190-ஆல் வகுத்தால் 92.6 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. S2-வை மட்டும் தனியாகப் பார்த்தால் 243 நாட்கள்தான் ஆள் இருந்திருக்கிறார்கள்; 66.6 சதவீதம். ஆறு வீட்டின் சராசரிக்குள் இந்த வீட்டின் நோய் மறைந்துபோகிறது. அதனால் டாஷ்போர்டில் மொத்த சதவீதத்துக்குக் கீழே வீட்டுக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வகுக்கும் எண்ணில் ஒரு நேர்மை தேவை. பெயிண்ட் வேலை நடந்ததால் வீடு பூட்டியிருந்தது, அந்த நாட்களைக் காலி நாட்களில் சேர்க்க வேண்டாம் என்று தோன்றும். சேர்க்கத்தான் வேண்டும். வேலை இரண்டு வாரம் இழுத்தால் அந்த இரண்டு வார வாடகை போனது போனதுதான். கணக்கிலிருந்து விலக்க வேண்டியது, நீங்களே குடியிருக்கும் வீட்டை மட்டும். அது வாடகைக்கு விடும் வீடே அல்ல.

மூன்று தாள்கள் போதும்

ஸ்பிரெட்ஷீட்டில் மூன்று தாள்கள் திறந்து, பலகை, குடியிருப்பு, செலவு என்று பெயர் வையுங்கள். பலகை என்பதுதான் டாஷ்போர்டு. அதில் B1 கட்டத்தில் கணக்குக் காலத்தின் முதல் நாள், B2-வில் கடைசி நாள். மற்ற தாள்கள் எல்லாம் இந்த இரண்டு தேதிகளைப் பார்த்தே கணக்குப் போடும்.

குடியிருப்புத் தாளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. A-யில் வீட்டு எண், B-யில் வந்த தேதி, C-யில் காலி செய்த தேதி, D-யில் மாத வாடகை. இன்னும் குடியிருப்பவர்களுக்கு C-யைக் காலியாக விட வேண்டும். கணக்குக் காலத்துக்குள் அவர்கள் இருந்த நாட்களை E நெடுவரிசை கண்டுபிடிக்கும்.

```
=IF(B2="",0,MAX(0,MIN(C2,'பலகை'!$B$2)-MAX(B2,'பலகை'!$B$1)+1))
```

வந்த தேதி, காலத்தின் முதல் நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து தொடங்கி, போன தேதி, காலத்தின் கடைசி நாள் இரண்டில் எது முந்தியதோ அதுவரை எண்ணுகிறது இந்தச் சூத்திரம். C காலியாக இருந்தால் MIN அதைப் பொருட்படுத்தாமல் காலத்தின் கடைசி நாளையே எடுத்துக்கொள்ளும். ஆண்டு நடுவில் பார்க்கும்போது B2-வில் அன்றைய தேதிக்கு மேல் போடாதீர்கள். போட்டால், இன்று இருப்பவர்கள் மார்ச் வரை இருக்கப்போவதாகவே கணக்கு எடுத்துக்கொள்ளும்.

செலவுத் தாளில் ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு வரி. A-யில் பணம் கொடுத்த தேதி, B-யில் வீட்டு எண் அல்லது “பொது” என்ற சொல், C-யில் எதற்கு, D-யில் தொகை. E-யிலும் F-லும் அந்தச் செலவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரைக்கு உரியது என்பதை எழுத வேண்டும். கணக்குக் காலத்தில் விழும் பங்கை G கணக்கிடும்.

```
=IF(A2="",0,D2*MAX(0,MIN(F2,'பலகை'!$B$2)-MAX(E2,'பலகை'!$B$1)+1)/(F2-E2+1))
```

இந்த இரண்டு தேதிகள் ஏன் என்று கேட்கலாம். குழாய் மாற்றியதற்குக் கொடுத்த கூலி அன்றைய செலவு. இரண்டு இடத்திலும் அதே தேதி போட்டால் போதும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. பொது மீட்டரின் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கட்டிய மாதத்திலேயே முழுத் தொகையையும் வைத்தால் அந்த மாதம் பெரும் நஷ்டம் போலவும் அடுத்த மாதம் செலவே இல்லாதது போலவும் தெரியும். மோட்டார் மாற்றியது இன்னும் பெரிய விஷயம். 2024 அக்டோபர் 1-ல் 24,000 ரூபாய்க்கு நீர்மூழ்கி மோட்டார் போட்டு, அது ஐந்து வருடம் ஓடும் என்று எதிர்பார்த்தால், F-ல் 2029 செப்டம்பர் 30 என்று எழுதுங்கள். நம் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 ரூபாய்தான் வரும். மீதி அடுத்த ஆண்டுகளுக்குப் போய்ச் சேரும்.

காலி செய்பவரின் அட்வான்ஸில் பெயிண்டுக்காகப் பிடித்த பணத்தைச் செலவுத் தாளிலேயே கழித்தல் குறியோடு ஒரு வரியாக எழுதுங்கள். அட்வான்ஸில் மற்ற பணம் எதுவும் இந்தக் கணக்குக்குள் வரக்கூடாது. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். வங்கிக் கடனின் மாதத் தவணையையும் இங்கே கலக்க வேண்டாம். அது வீட்டை வாங்கிய செலவு, ஓட்டும் செலவு அல்ல.

காலி வீடும் பங்கு தர வேண்டும்

நம் கட்டடத்தின் பொதுச் செலவு இப்படி: சொத்து வரி 18,000, பொது மின்கட்டணம் 19,200, கோடையில் தண்ணீர் லாரி 30,000, படி கூட்டுபவருக்குச் சம்பளம் 42,000, தொட்டி கழுவுவதும் செப்டிக் டேங்க் எடுப்பதும் 12,000, மோட்டாரில் இந்த ஆண்டின் பங்கு 2,400, சில்லறைப் பழுது 8,400. மொத்தம் 1,32,000 ரூபாய். ஆறால் வகுத்தால் வீட்டுக்கு 22,000.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். S2 காலியாக இருந்த மாதங்களில் பொதுச் செலவை ஐந்தால் வகுத்துவிடுகிறார்கள். அப்போது காலி வீடு செலவே இல்லாதது போலத் தெரியும். அதன் பாரம் நன்றாக ஓடும் ஐந்து வீடுகளின் தலையில் ஏறும். சொத்து வரியும் படி கூட்டுபவரின் சம்பளமும் ஆள் இல்லை என்று குறைவதில்லை. அதனால் எப்போதும் ஆறால்தான் வகுக்க வேண்டும். உரிமையாளர் ஒரு வீட்டில் குடியிருந்தால் அந்த வீட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

பலகைத் தாளில் A6 முதல் A11 வரை ஆறு வீடுகளின் எண்களை எழுதிக்கொண்டு, B-யில் நிரம்பிய சதவீதம், C-யில் மொத்தச் செலவு, D-யில் ஆள் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆன செலவு என்று மூன்று சூத்திரங்களைப் போட வேண்டும்.

```
B6: =SUMIFS('குடியிருப்பு'!E:E,'குடியிருப்பு'!A:A,A6)/($B$2-$B$1+1)
C6: =SUMIFS('செலவு'!G:G,'செலவு'!B:B,A6)+SUMIFS('செலவு'!G:G,'செலவு'!B:B,"பொது")/6
D6: =C6/(B6*($B$2-$B$1+1))
```

இவற்றைக் கீழே ஐந்து வரிகளுக்கு நகலெடுத்தால் டாஷ்போர்டு தயார். B நெடுவரிசைக்குச் சதவீத வடிவம் கொடுத்து, 90 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பு வைத்துவிடுங்கள். வரைபடம் எதுவும் தேவையில்லை. ஆறு வரிகளைக் கண்ணே படித்துவிடும்.

S1-ம் S2-ம்

இப்போது மேல் மாடியின் இரண்டு வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே தளம், ஒரே பரப்பு, ஒரே 13,000 வாடகை.

S1-ல் ஆண்டு முழுவதும் ஒரே குடும்பம். அதன் சொந்தச் செலவு 5,000, பொதுப் பங்கு 22,000, ஆக 27,000. வந்த வாடகை 1,56,000. கையில் நின்றது 1,29,000 ரூபாய்.

S2-வில் இரண்டு தடவை ஆள் மாறியதால், அட்வான்ஸில் பிடித்தது போக, பெயிண்டுக்கு முதலில் 16,000, பிறகு 7,000. தரகருக்கு இரண்டு முறை அரை மாத வாடகை, ஆக 13,000. மொட்டைமாடி ஒழுகலுக்குப் பூச்சு வேலை 14,000. சொந்தச் செலவே 50,000. பொதுப் பங்கோடு 72,000. வாடகை நாளொன்றுக்குச் சுமார் 427 ரூபாய் என்பதால், 243 நாட்களுக்கு வந்தது ஏறக்குறைய 1,03,900. கையில் நின்றது 31,900 மட்டுமே.

இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் 97,100 ரூபாய். D நெடுவரிசை இதையே ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. S1-ல் ஆள் இருந்த ஒவ்வொரு நாளும் 427 ரூபாய் வந்து 74 ரூபாய் போயிருக்கிறது. S2-வில் அதே 427-ல் 296 போயிருக்கிறது. நிரம்பிய சதவீதத்தை மட்டும் பார்த்தால் S2 மூன்றில் இரண்டு பங்கு சம்பாதித்தது போலத் தோன்றும். உண்மையில் S1-ல் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குதான் கிடைத்தது. வீடு காலியாகும்போது வரவு குறைவதோடு பெயிண்டும் தரகும் சேர்ந்து வருகின்றன. அதனால்தான் இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

காரணம் என்ன என்பதை டாஷ்போர்டு சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்று காட்டும். குடியிருப்புத் தாளைப் பாருங்கள். செப்டம்பரில் வந்த குடும்பம் வடகிழக்குப் பருவமழையை அந்த வீட்டில் கழித்துவிட்டு டிசம்பர் கடைசியில் போயிருக்கிறது. செலவுத் தாளில் ஒழுகலுக்குப் பூச்சு வேலை என்று ஒரு வரி இருக்கிறது. பூச்சு நிற்கவில்லை, ஈரச் சுவரோடு யாரும் குடியிருக்க விரும்பவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலி செய்தவரைக் கேட்டால் உறுதியாகிவிடும்.

S2-க்கு மேலே உள்ள மொட்டைமாடியைக் கொத்தி, வாட்டம் சரிசெய்து, நீர்க்காப்பு பூசி, மேலே தட்டோடு பதிக்க 60,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 12,000. இந்த ஒரு ஆண்டில் S2 இழந்தது அதைப்போல எட்டு மடங்கு.

இதே பக்கம் வாடகை பேசும்போதும் உதவும். S2-க்கு 13,000 தர ஒருவர் தயாராக இருக்கிறார். நீங்கள் 14,000-க்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். மாதம் 1,000 என்றால் ஒரு வருடத்தில் 12,000 கூடுதல். நாளுக்கு 427 ரூபாய் வீதம் அந்த 12,000 என்பது 28 நாள் வாடகை. 28 நாட்களுக்கு மேல் காத்திருந்தால் முதல் வருடத்தில் உங்களுக்கு நஷ்டம்தான்.

எங்கே தவறும்

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தேதிதான். நம் ஊர் வழக்கப்படி 15.6.2024 என்று புள்ளி வைத்து அடித்தால், பல கணினிகளில் அது தேதியாகப் பதிவாகாது. வெறும் எழுத்தாக நிற்கும். C கட்டத்தில் இப்படி நடந்தால் MIN அதையும் காலிக் கட்டத்தைப் போலவே தாண்டிப் போய்விடும். ஜூனில் போனவர் மார்ச் வரை இருந்ததாகக் கணக்காகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. தேதியாகப் பதிவானது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகப் பதிவானது இடப்பக்கம் ஒட்டும். அடுத்து வந்த குடும்பத்தின் நாட்களும் சேர்வதால் அந்த வீட்டின் சதவீதம் 100-ஐத் தாண்டும். எந்த வீடு 100-க்கு மேல் காட்டினாலும் உடனே தேதிகளைப் பாருங்கள். 15-06-2024 என்று இடைக்கோடு போட்டு அடிக்கப் பழகுங்கள். கணினியின் தேதி அமைப்பு இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள்.

இரண்டாவது தவறு வீட்டு எண்ணில் வரும். ஒரு வரியில் S2 என்றும் இன்னொரு வரியில் S 2 என்று இடைவெளி விட்டும் எழுதினால் அந்த ரசீது எந்த வீட்டிலும் சேராது. பலகையின் அடியில் இந்தச் சோதனை வரியை வைத்துவிடுங்கள்.

```
=SUM(C6:C11)-SUM('செலவு'!G:G)
```

பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு ரசீது வீடு தெரியாமல் நிற்கிறது என்று பொருள்.

சதவீதத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஆறு வீட்டுக் கட்டடத்தில் ஒரு வீடு ஒரு மாதம் முழுதும் காலியானால் அந்த மாதச் சதவீதம் 83-க்கு இறங்கிவிடும். ஆண்டுக் கணக்கில் அதே காலி 1.4 சதவீதம்தான். மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பதற வேண்டாம், ஆண்டோடு ஆண்டை ஒப்பிடுங்கள். ஆள் இருந்தும் வாடகை வராத வீட்டை இந்த டாஷ்போர்டு நிரம்பிய வீடாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாடகை பாக்கிக்குத் தனி நெடுவரிசை தேவை.

போன ஏப்ரலிலிருந்து உள்ள ரசீதுகளையும் வாடகை ஒப்பந்தங்களையும் எடுத்து மூன்று தாள்களிலும் பதிந்துவிடுங்கள். ஆறு வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறகு அடுத்த பருவமழை வருவதற்குள், எந்த வீட்டின் மொட்டைமாடியை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.